தகுதிகாண் பருவத்தின் கடைசி மாதம்

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து எனக்கு ஐந்து மாதங்கள் முடிந்துவிட்டன. பணி உறுதிக்கான கூட்டம் இன்னும் மூன்று வாரங்களில் நடைபெறும்.

முதல் வேலையாக நியமன ஆணையை மீண்டும் எடுத்துப் படித்தேன். ஆறு மாதங்கள் நிறைவடைவதால் மட்டும் பணி உறுதியாகிவிடாது, எழுத்துமூலம் ஆணை வந்தால்தான் உறுதி என்றும், தேவையெனில் தகுதிகாண் பருவத்தை மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கலாம் என்றும் அதில் தெளிவாக இருந்தது. சேர்ந்த நாளில், கையெழுத்திடும் அவசரத்தில், இந்த வரியை நான் கவனிக்கவேயில்லை.

பிறகு, என் பொறுப்பில் வரும் பில்களை மாதவாரியாக எண்ணினேன். முதல் மாதம் 140 பில்களில் 11 திருத்தத்துக்குத் திரும்பி வந்தன. ஐந்தாம் மாதம் 210 பில்களில் 3 மட்டுமே திரும்பின. நன்றாக வேலை செய்கிறேன் என்று சொல்வதைவிட இந்தக் கணக்கே மேலாளருக்குப் பயன்படும், ஏனெனில் மனிதவளப் பிரிவுக்கு அவர் எழுதும் குறிப்பில் இதை அப்படியே சேர்த்துவிடலாம்.

இரண்டாம் மாதத்தில் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் அனுப்பிவிட்டேன். முதலில் ஸ்கேன் பிரதி வந்தது, பிறகு மூலப் பில் வந்தது. பில் எண்ணில் ஒரு சாய்கோடு விடுபட்டிருந்ததால் மென்பொருள் இரண்டையும் வெவ்வேறாகக் கொண்டது. இப்போது தேதியையும் தொகையையும் சேர்த்து ஒப்பிட்ட பிறகே பதிவு செய்கிறேன். கூட்டத்தில் மேலாளர் கேட்கும்வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. நாளை நானே அவரிடம் இதைப் பேசப்போகிறேன். நீட்டிப்பு என்று முடிவானால், எதை எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதை எழுத்தில் தருமாறு கேட்பேன்.