ஸ்லைடில் இருந்த கவிதாவும் நாங்கள் சேர்த்த கவிதாவும்

இட்லி, தோசை மாவு பாக்கெட் விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை, கோவை இரண்டு ஊரிலும் சேர்த்து 400 பேரிடம் கேட்டு, ஆய்வு ஏஜென்சி ஒரு பிபிடி அனுப்பியிருந்தது. அதை வைத்து வாடிக்கையாளர் பெர்சோனா ஒன்று, அதாவது வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு கற்பனை ஆளை வைத்துச் சொல்லும் சித்திரம், எழுத வேண்டும். விற்பனைக் குழு ஏற்கெனவே ஒரு வரைவு தயாராக வைத்திருந்தது: கவிதா, 32 வயது, வேலைக்குப் போகிறவர், வீட்டு வருமானம் மாதம் 80,000, மாவரைக்க நேரமில்லை, கடை மாவு கொடுக்கிறோமே என்று குற்ற உணர்வு.

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதில் எது ஸ்லைடில் இருந்து வந்தது, எது நாமே சேர்த்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் வரைவின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எக்செலில் ஒரு வரிசையாகப் போட்டேன். பக்கத்தில் மூன்று கட்டம்: ஸ்லைடு எண், கேட்கப்பட்ட கேள்வி அப்படியே, எத்தனை பேர் பதில் சொன்னார்கள். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த வரிசைக்கு மஞ்சள் நிறம், அதாவது அது நம் ஊகம். கேள்வியைப் பார்க்க பிபிடி போதாது. ஏஜென்சியிடம் கேள்வித்தாளையும் முழு அட்டவணைகளையும் கேட்டு வாங்கினேன்.

முதல் வரியிலேயே சிக்கல். "வாடிக்கையாளர் பெண், 25 முதல் 45 வயது" என்பது ஸ்லைடில் தெளிவாக இருந்தது. ஆனால் கேள்வித்தாளின் முதல் பக்கத்தைப் பார்த்தால், அந்த வயதுப் பெண்களை மட்டுமே பேட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். மற்றவர்களை நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் இது ஆய்வு கண்டுபிடித்தது இல்லை, ஆய்வுக்குள் வர நாமே வைத்த நிபந்தனை. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆண்களும், ஓய்வு பெற்றவர்களும் மாவு வாங்குகிறார்களா என்பதைப் பற்றி இந்த பிபிடிக்கு ஒன்றுமே தெரியாது. இதை ஊகம் என்றும் சொல்ல முடியாது. அதனால் நீல நிறத்தில் "வரம்பு" என்று மூன்றாவது வகை ஒன்று வைத்தேன்.

வருமானம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரு ஸ்லைடில் பெரும்பாலானோர், வீடுகளை வகை பிரிக்க ஆய்வுகளில் பயன்படுத்தும் என்சிசிஎஸ் முறையில், ஏ பிரிவு என்று இருந்தது. அந்தப் பிரிவைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: வீட்டில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, 11 பொருள் கொண்ட பட்டியலில் எத்தனை அந்த வீட்டில் இருக்கின்றன என்பது. சம்பளத்தை அதில் யாரும் கேட்பதில்லை. 80,000 என்பது முழு மஞ்சள்.

அதிக நேரம் எடுத்தது "வேலைக்குப் போவதால் மாவரைக்க நேரமில்லை" என்ற வரிதான். ஒரு ஸ்லைடில் 60 சதவீதம் பேர் வேலைக்குப் போகிறவர்கள். இன்னொன்றில் 60 சதவீதம் பேர் நேரம் மிச்சமாவதற்காக வாங்குகிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே ஆட்களா? இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் இருப்பவர்கள் குறைந்தபட்சம் 20 சதவீதம்தான். நடுவில் இருந்த "போவதால்" நாங்கள் போட்டது. அட்டவணையைத் திறந்து பார்த்தபோது, வீட்டில் இருக்கும் பெண்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு நேரத்தைத்தான் காரணமாகச் சொல்லியிருந்தார்கள். காரணம் நேரம், சரி. அது அலுவலக நேரம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

குற்ற உணர்வு, ஏஜென்சி சிலரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசிய குழு உரையாடலில் ஒரே ஒருவர் சொன்னது. பெரிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள், ஒரு முழு ஸ்லைடை அடைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான்.

"கோவையில் வேலைக்குப் போகும் இளம்பெண்களில் பாதிப் பேர்" என்று ஒரு ஸ்லைடு. அடியில் பொடி எழுத்தில் 34 பேர் என்று இருந்தது. முறையான ரேண்டம் சாம்பிளாகவே இருந்தாலும், 34 பேரில் வரும் 50 சதவீதம் என்பது 33 முதல் 67 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதை பெர்சோனாவில் சேர்க்கவில்லை.

மேலாளர் பார்த்துவிட்டு, "இப்படி ஓட்டை ஓட்டையா இருந்தா டிசைனர் யாருக்காகப் பண்ணுவார்?" என்றார். நியாயமான கேள்வி. அதனால் மஞ்சள் வரிகளை எல்லாம் அழிக்காமல், ஒவ்வொன்றுக்கும் "இதை நம்பி என்ன முடிவு எடுக்கப் போகிறோம்?" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். வருமானத்தை நம்பி எந்த முடிவும் இல்லை, விலை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த வரியைத் தூக்கிவிட்டோம். குற்ற உணர்வை நம்பித்தான் விளம்பர வாசகமே எழுதப்பட இருந்தது. அதை நிறுத்திவைத்து, வாங்குகிறவர்கள் சிலரிடம் பேசிப் பார்க்கச் சொன்னேன்.

நீல வரிக்கு எளிய வழி கிடைத்தது. தெரிந்த இரண்டு மளிகைக் கடையில், மாவு வாங்குபவர் ஆணா பெண்ணா என்று மட்டும் ஒரு வாரம் நோட்டில் கோடு போடச் சொன்னோம். மாலையில் ஆண்கள் தாராளமாகவே வந்திருந்தார்கள். இரண்டு கடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் பாக்கெட்டைக் கையில் வாங்குபவர், எந்த மாவு என்று சொல்லி அனுப்புபவர் என்று அந்த வரிசையை இரண்டாகப் பிரிக்க அது போதும். இரண்டாவது வரிசை இப்போதைக்கு மஞ்சளில்தான் இருக்கிறது. அடுத்த ஆய்வின் கேள்வித்தாளில் அதற்கு ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம். பெண்களை மட்டும் எடுக்கும் நிபந்தனையையும் எடுத்துவிட்டோம்.