டிசம்பரில்தான் கணக்குப் போட்டேன்

எனக்குப் பதினான்கு வருட வேலை அனுபவம். புதிய முறை வந்த 2020 முதல் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆபீஸ் போர்ட்டலில் வருமான வரி முறையைக் கேட்டால் ‘பழைய முறை’ என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவன் நான். பி.எஃப். இருக்கிறது, எல்.ஐ.சி. இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது. இவ்வளவும் வைத்துக்கொண்டு கழிவே இல்லாத புதிய முறைக்குப் போவது முட்டாள்தனம் என்பது என் எண்ணம். 2025 ஏப்ரலிலும் அதையேதான் செய்தேன்.

டிசம்பரில் கழிவுகளுக்கான ஆதாரங்களைப் பதிவேற்றச் சொல்லி சம்பளப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. அன்று டீ குடிக்கப் போனபோது, அதே சம்பளத்தில் இருக்கும் பக்கத்து சீட் நண்பரிடம் மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று சும்மா கேட்டேன். 8,125 என்றார். எனக்கு 11,869. அவர் எந்த ஆதாரமும் கொடுப்பதில்லை. நானோ வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட வாடகை ரசீதுகளைக் கத்தை கத்தையாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அன்று இரவே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

என் சம்பளம் வருடத்துக்கு 15 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் 6 லட்சம், வீட்டு வாடகைப் படி 3 லட்சம், மீதி 6 லட்சம் சிறப்புப் படி. சென்னையில் மாதம் 18,000 ரூபாய் வாடகை.

முதல் அடி வாடகையிலேயே விழுந்தது. வருடத்துக்குக் கொடுக்கும் 2,16,000 முழுவதும் கழியும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கழிவது மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான். கம்பெனி தரும் வாடகைப் படி 3 லட்சம். சென்னை போன்ற பெருநகரம் என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதுவும் 3 லட்சம். மூன்றாவது, கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தது: 2,16,000-லிருந்து 60,000 போக 1,56,000. இதுதான் குறைவு, இவ்வளவுதான் எனக்குக் கழிவு. மீதி 60,000 ரூபாய் வாடகைக்கு எந்தச் சலுகையும் இல்லை. சம்பளப் பிரிவின் மென்பொருள் இதைச் சரியாகத்தான் போட்டிருந்தது, என் மனக்கணக்குதான் தப்பு.

அடுத்தது சேமிப்பு, பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்குக் கழிவு தரும் 80சி பிரிவு. பி.எஃப். 72,000, எல்.ஐ.சி. 36,000, பையனின் பள்ளிக் கட்டணம். பள்ளிக்கு நாங்கள் கட்டுவது 78,000. ரசீதைப் பிரித்துப் பார்த்தால் அதில் டியூஷன் ஃபீஸ் என்று இருப்பது 46,000 மட்டுமே. வேனுக்கும் மற்றதுக்கும் கட்டியது கணக்கில் வராது. ஆனாலும் மூன்றும் சேர்ந்து 1,54,000 ஆகிவிட்டது, உச்சவரம்பு 1,50,000. நிரம்பி வழிகிறது. மருத்துவக் காப்பீட்டில் எங்களுக்கு 22,000, அறுபது தாண்டிய அப்பா அம்மாவுக்கு 38,000, ஆக 60,000 ரூபாய் 80டி-யில். தொழில் வரி 2,500. சம்பளக்காரர் எல்லோருக்கும் உண்டான நிலையான கழிவு 50,000.

15 லட்சத்தில் இதையெல்லாம் கழித்தால் மிச்சம் 10,81,500. பழைய முறையில் முதல் இரண்டரை லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்து ஐந்து லட்சம் வரை 5 சதவீதம், பத்து லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. பத்து லட்சம் வரைக்கும் 1,12,500, மேலே இருக்கும் 81,500-க்கு 24,450. கூட்டினால் 1,36,950. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்ந்து 1,42,428. பன்னிரண்டால் வகுத்தால் அதே 11,869.

புதிய முறைக்கு அரைப் பக்கம்கூடத் தேவைப்படவில்லை. நிலையான கழிவு இதில் 75,000. அதைக் கழித்தால் 14,25,000, அவ்வளவுதான். 2025-26 நிதியாண்டுக்கு முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த நான்குக்கு 5 சதவீதம், அதற்கடுத்த நான்குக்கு 10, பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை 15. ஆக 20,000, அப்புறம் 40,000, மீதி 2,25,000-க்கு 33,750. மொத்தம் 93,750, செஸ்ஸோடு 97,500.

வித்தியாசம் 44,928 ரூபாய். ‘வரியை மிச்சப்படுத்த’ ரசீது சேர்த்துக்கொண்டிருந்தவன் வருடத்துக்கு 45 ஆயிரம் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மறுநாள் பேப்பரைக் காட்டியதும் இன்னொரு சக ஊழியர், “பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லையே, மேல இருக்கிற ரெண்டேகால் லட்சத்துக்கு மட்டும்தானே போடணும்?” என்றார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பன்னிரண்டு லட்சத்துக்கு வரி இல்லை என்பது ஸ்லாப் இல்லை, தள்ளுபடி. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரும் வரியை 60,000 ரூபாய் வரை தள்ளிவிடுகிறார்கள். அதைச் சற்றே தாண்டினவர்களுக்கு மட்டும் ஒரு நிவாரணம் உண்டு. 14,25,000-இல் இருப்பவனுக்கு அது எதுவும் இல்லை, நான்கு லட்சத்திலிருந்தே வரி ஆரம்பிக்கும். அவர் சொன்ன மாதிரி போட்டால் 33,750-தான் வரும். நிஜ வரி அதைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

சரி, பழைய முறை எனக்கு எப்போது லாபமாகும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எனக்கு உண்மையில் உதவியது இந்தக் கணக்குதான். புதிய முறையின் 93,750 அளவுக்கே பழைய முறையிலும் வரி வர, வருமானம் 9,06,250-க்கு இறங்க வேண்டும். நான் நிற்பது 10,81,500-இல். இடைவெளி 1,75,250. ஆக, என்னிடம் இருக்கும் கழிவுகளோடு இன்னும் இவ்வளவுக்குப் புதிதாகக் கழிவு கிடைத்தால்தான் இரண்டும் சமமாகவே ஆகும்.

இந்த எண் கையில் இருந்ததால் இரண்டு வாரம் கழித்து பாலிசி எடுக்கச் சொல்லி வந்த தூரத்து உறவினரைச் சமாளிக்க முடிந்தது. “வரியும் மிச்சமாகும் மாப்ள” என்றார். என் 80சி ஏற்கெனவே நிரம்பிவிட்டது, இன்னொரு பாலிசியால் ஒரு ரூபாய் வரியும் குறையாது என்றேன். அப்படியென்றால் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தனியாக 50,000 போடலாமே என்றார். போட்டாலும் இடைவெளி 1,25,250 பாக்கி நிற்கிறது. கையிலிருந்து ஐம்பதாயிரத்தைப் போட்டும் தோற்கும் பக்கத்திலேயே நிற்பதில் என்ன பயன்? ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்க வேண்டுமென்றால் சேமிக்கலாம், அது வேறு விஷயம்.

இடைவெளியை ஒரே தாவலில் தாண்ட வைப்பது வீட்டுக் கடன் வட்டி. எங்கள் டீமில் ஒருவருக்குத் திருநெல்வேலியில் கடனில் கட்டிய வீடு, பெற்றோர் இருக்கிறார்கள். இவர் இங்கே வாடகைக்கு. வட்டி வருடத்துக்கு 1,84,000. வாடகைக்கு விடாமல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை பழைய முறையில் கழிவு உண்டு, வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு வாடகைப் படியையும் சேர்த்தே கேட்கலாம். அவருடைய வட்டியை என் கணக்கில் நுழைத்துப் பார்த்தோம். வருமானம் 8,97,500, வரி செஸ்ஸோடு 95,680. பழைய முறைதான் ஜெயிக்கிறது, ஆனால் வெறும் 1,820 ரூபாயில். தவணை கட்டக் கட்ட வட்டி குறைந்துகொண்டே வரும், அடுத்த வருடமே இந்த லாபம் இருக்காது.

அதோடு, அவருடைய வீட்டுக்காரர் பான் எண் தர மாட்டேன் என்கிறார். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் கம்பெனி அதைக் கேட்கும். வாடகைக் கழிவு இல்லாமல் போட்டால் வரி 1,33,692 ஆகிறது, புதிய முறையைவிட 36,192 அதிகம். 1,820 ரூபாய்க்காக வீட்டுக்காரரிடம் சண்டை போடுவதா என்று யோசித்துவிட்டு அவர் புதிய முறைக்குப் போய்விட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதே சமயம், வட்டி 2 லட்சம் முழுதாகவும் வாடகை 25,000-க்குப் பக்கத்திலும் இருந்தால் கதை மாறும், அவரவர் எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் கைக்கணக்கை வருமான வரித் துறைத் தளத்தில் இருக்கும் கணக்கியில் போட்டுச் சரிபார்த்தேன், ரூபாய் பிசகாமல் வந்தது.

முறையை மாற்ற முடியுமா என்று சம்பளப் பிரிவில் கேட்டேன். “ஆதாரம் குடுக்கிற விண்டோ முடியறதுக்குள்ள ஒரு தடவை மாத்தலாம் சார், அப்புறம் முடியாது” என்றார் அந்தப் பெண். எல்லா கம்பெனியும் இதற்கு விடுவதில்லை. விடாவிட்டாலும் கவலையில்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கம்பெனியிடம் என்ன சொல்லியிருந்தாலும், ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம், கூடுதலாகப் பிடித்தது ரீஃபண்டாக வரும். எதையும் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறைதான். பழைய முறை வேண்டுமென்றால் மட்டும் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், தாமதமாகப் போட்டால் அது கிடைக்காது.

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத்தில் என்னிடம் 1,06,821 பிடித்துவிட்டார்கள். வருடம் முழுவதற்கும் கட்ட வேண்டியதே 97,500. ஜனவரி பே ஸ்லிப்பில் வருமான வரிக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. தப்பாக வந்திருக்கிறதோ என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். பிப்ரவரி, மார்ச்சிலும் அப்படியேதான் வரும். அதிகமாகப் போன 9,321 ரூபாயை ரிட்டர்ன் போட்டு வாங்க வேண்டும். வாடகை ரசீதுக் கத்தை இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.