சாயங்காலக் கால் வீக்கமும் ஆச்சியின் மருந்துப் பையும்

காரைக்குடிப் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களிடம் வயதானவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகளில் ஒன்று, "காலையில ஒண்ணுமில்ல, பொழுது சாஞ்சா ரெண்டு காலும் வீங்கிருது." கேட்டவுடன் வீட்டில் எல்லோருக்கும் இதயமோ கிட்னியோதான் நினைவுக்கு வரும். சாயங்காலம் வீங்குகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் பிரிக்க முடியாது. நாள் முழுக்க நின்றால், எந்தக் காரணத்தால் சேர்ந்த நீரும் காலுக்குத்தான் இறங்கும். அதனால் நான் முதலில் கேட்பது, காலையில் எழும்போது எப்படி இருக்கிறது என்றுதான்.

அறுபத்தெட்டு வயது ஆச்சி ஒருவர் மகளோடு வந்திருந்தார். முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது, இரண்டு காலிலும் ஒரே அளவில். (ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது வேறு கதை. ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே பார்க்க வேண்டும்.) ஏற்கெனவே ஓரிடத்தில் காட்டி, நீர் பிரியும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். வீக்கம் குறையவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து முற்றத்தைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போகிறார், எழும்போது தலை சுற்றுகிறது. அந்தப் பெரிய வீட்டு இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

"படுத்தா மூச்சு முட்டுதா ஆச்சி? தலையணை கூடுதலா வேணுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல தம்பி, மல்லாக்கப் படுத்துத் தூங்குவேன்" என்றார். பாதி சாய்த்துப் படுக்கவைத்துப் பார்த்தபோது கழுத்து நரம்பு புடைக்கவில்லை. காலையில் கண்ணைச் சுற்றி ஊதிப்போவதில்லை, சிறுநீரில் நுரை நிற்பதில்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்தது. கல்லீரல் கெட்டிருந்தால் பெரும்பாலும் வயிற்றில் நீர் கோத்திருக்கும், ரத்தத்தில் ஆல்புமின் குறைந்திருக்கும். இவருக்கு இரண்டும் இல்லை. மகளின் திருப்திக்காகவும் என் திருப்திக்காகவும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம், அதுவும் நார்மல்.

அப்புறம் அந்த மஞ்சள் துணிப்பையை மேஜையில் கொட்டச் சொன்னேன். விஷயம் அதில்தான் இருந்தது. பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 10 மில்லிகிராம். சில மாதங்களுக்கு முன்புவரை 5. ஏன் கூட்டினார்கள் என்று கேட்டால், பிரஷர் ஏறியிருந்ததாம். எப்போதிலிருந்து? மகள் யோசித்துச் சொன்னார், முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்க ஆரம்பித்த பிறகு. பையிலேயே கிடந்தது, டைக்ளோஃபெனாக்.

கோர்வையாகப் பார்த்தால் புரியும். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்துப் பிரஷரைக் கூட்டியது. அதற்காக அம்லோடிபினை இரட்டிப்பாக்கினார்கள். அதனால் கால் வீங்கியது. அதற்கு நீர் மாத்திரை, அதனால் தலைசுற்றல். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் இறங்கியிருந்தது.

அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை ஏன் சரியாக வேலை செய்யாது என்பதை மகளுக்கு இப்படிச் சொன்னேன்: மடையைத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வயலில் தண்ணீர் நிற்கும். இந்த மருந்து உள்ளே வரும் சின்னத் தமனிகளை விரிக்கிறது, வெளியே போகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நடுவில் அழுத்தம் கூடி, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. இந்த மருந்தால் உடம்பில் மொத்த நீர் அதிகமாகவில்லை, பிறகு சிறுநீராக எதை இறக்குவது? அளவு கூடக்கூட வீக்கமும் கூடும், பெண்களுக்கு இன்னும் அதிகம்.

வலி மாத்திரையையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினோம். அம்லோடிபினை 5க்குக் கொண்டுவந்து டெல்மிசார்டான் 40 என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தோம். இது சிரையையும் விரிப்பதால் கசிவு குறையும். ஆனால் டெல்மிசார்டான், நீர் மாத்திரை, டைக்ளோஃபெனாக் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கிட்னிக்கு ஆபத்து. அதனால்தான் வலி மாத்திரை முதலில் போக வேண்டியிருந்தது. முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் பயிற்சியும். இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் திரும்பப் பார்த்தோம். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது என்பதை மகளிடம் இரண்டு தடவை சொல்லியனுப்பினேன், ஏனென்றால் "மருந்தாலதான் வீங்குது" என்ற வாக்கியம் வீட்டுக்குப் போகும்போது "மருந்தே வேண்டாம்" என்று ஆகிவிடும்.

வீக்கம் பெரும்பாலும் வடிந்தது, முழுசாக இல்லை. கணுக்காலுக்கு உட்புறம், சற்று மேலே, தோல் பழுப்பேறி இருந்தது. நிற்கவைத்துப் பார்த்தால் சுருள் சிரைகளும் தெரிந்தன. அது சிரையின் பங்கு, ராத்திரி கால் நீட்டிப் படுத்தால் விடிவதற்குள் வடிந்துவிடும் வகை. பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருந்ததால் அழுத்தக் காலுறை போடலாம் என்றேன். இந்த வெயிலில் அதை யார் போடுவது என்று சிரித்தார் ஆச்சி. சரி, மத்தியானம் படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை என்று பேசி முடித்தோம்.