இருபதாம் நாள் வந்த நிராகரிப்பு

பெங்களூரில் குடியேறிப் பல வருடங்கள் ஆகியும் தாலுகா வேலை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். போன வருடம் மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு வருமானச் சான்று தேவைப்பட்டது. இங்கே அதற்கு நாடகச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும் (நாடு, கச்சேரி, நாடகம் இல்லை, ஆனாலும் கொஞ்சம் பொருந்தும்).

விண்ணப்பம் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். அதில் ஜி.எஸ்.சி. எண் என்ற 15 இலக்க ஒப்புகை எண்ணும், சான்று தர வேண்டிய கடைசித் தேதியும் இருந்தன. கர்நாடகத்தில் 2012 முதல் நடப்பில் இருக்கும் சகாலா சட்டத்தின்படி, அந்தத் தேதிக்குள் ஒன்று சான்று தர வேண்டும், இல்லையென்றால் காரணத்தை எழுதி மறுக்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

கெடுவுக்கு முந்தின நாள் பார்க்கிறேன், 'நிராகரிக்கப்பட்டது' என்று இருந்தது. காரணம், விசாரணைக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்ததாம். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள், பகலில் வீடு பூட்டித்தானே இருக்கும்!

கவுன்டரில் இருந்தவர், "புதுசா ஒரு அப்ளிகேஷன் போட்டுடுங்க சார், அதுதான் சுலபம்" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியவர்தான் தடுத்தார். புது விண்ணப்பம் போட்டால் புது எண் வரும், நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். பழைய எண் கெடுவுக்குள் முடிந்துபோனதாகத்தான் கணக்கில் நிற்கும். நிராகரிப்பு சரியா என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

அன்று இரவே சகாலா இணையதளத்தில் பழைய எண்ணைப் போட்டு முதல் மேல்முறையீடு செய்தேன். நிராகரித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும். கோபத்தைக் கொட்டாமல் நாலே வரி எழுதினேன். ஒப்புகை எண், நிராகரித்த தேதி, அவர்கள் எழுதிய காரணம், அப்புறம் அதற்கு என் பதில்: "வீடு பூட்டியிருப்பது என் வருமானத்துக்கோ முகவரிக்கோ எதிரான ஆதாரம் அல்ல. வருகிற நாளை முன்கூட்டிச் சொன்னால் வீட்டில் இருக்கிறேன்." வாடகை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் தயாராக எடுத்து வைத்தேன்.

மேலதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டபோது மொத்தமே பத்து நிமிடம்தான். அவர் நிராகரிப்புக் காரணத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். மறுபடி நேரில் பார்த்து முடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அவர் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதற்கு மேல் இரண்டாம் மேல்முறையீடு இருந்தது, அது தேவைப்படவில்லை. ஆனால் ஒரு விஷயம், ஆவணமே குறைவாக இருந்தால் இந்த வழி உதவாது. அப்போது குறையைச் சரிசெய்து புதிதாகப் போடுவதுதான் சரி.

ஒரு சனிக்கிழமை காலை கிராம நிர்வாக அலுவலர் போன் செய்துவிட்டு வந்தார், திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் சான்று கைக்கு வந்தது. இழப்பீடு மட்டும் கிடைக்கவில்லை. கெடு தாண்டுவதற்கு ஒரு நாள் முன்பே நிராகரித்துவிட்டார்களே, தாமதம் என்று எப்படிக் கேட்பது?