அத்தானோட முதுகெலும்பும் ரெண்டு பாட்டில் பீரும்

மார்ச் 3, 2024, ஞாயிறு

அக்கா காலையிலேயே ஃபோன். அத்தான் நேத்து பத்து கிலோ அரிசி மூட்டைய லிஃப்ட்ல இருந்து தூக்கிட்டு வரும்போது முதுகுல 'டக்'னு ஏதோ ஆச்சாம், அப்புறம் நிமிரவே முடியலையாம். தசைப்பிடிப்புன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டு படுத்திருக்காரு. 58 வயசுக்கு இது சும்மா பிடிப்பா இருக்காதுன்னு எனக்கு தோணுச்சு. எக்ஸ்ரே டிபார்ட்மெண்ட்ல வேலை பாக்குறதால வந்த சந்தேக புத்தி. (அவர்கிட்ட கேட்டுட்டுதான் இத எழுதுறேன், "போட்டோ மட்டும் போடாத"ன்னாரு.)

மார்ச் 5, செவ்வாய்

படம் எடுத்தாச்சு. எல்1, அதாவது இடுப்புக்கு கொஞ்சம் மேல இருக்கிற முதுகெலும்பு, முன்பக்கமா நசுங்கி ஆப்பு மாதிரி ஆயிருக்கு. அதவிட எனக்கு பகீர்னது, ஓரத்துல விலா எலும்புல பழைய முறிவு ரெண்டு, தானாவே ஆறிப்போன தழும்போட. எப்ப விழுந்தீங்கன்னு கேட்டா ஞாபகமே இல்லைங்கிறாரு. நல்லா குடிக்கிறவங்க படத்துல இந்த மாதிரி பழைய விலா முறிவு எத்தனையோ பாத்திருக்கேன், போதையில விழுந்தா வலிகூட மறுநாள்தான் தெரியும், அப்புறம் அதயும் மறந்துடுவாங்க.

மார்ச் 14, வியாழன்

எலும்பு அடர்த்தி ஸ்கேன். நசுங்குன எலும்ப கணக்குல சேக்க மாட்டோம், ஏன்னா நசுங்குனது கெட்டியா தெரியும், ரிசல்ட் பொய்யா நல்லா வந்துடும். மிச்ச முதுகெலும்புல டி-ஸ்கோர், அதாவது நல்ல இளவயசு எலும்போட ஒப்பிட்டு போடுற நம்பர், மைனஸ் 2.7. மைனஸ் 2.5 வந்தாலோ அதுக்கு கீழ போனாலோ ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு அடர்த்தி குறைஞ்சு சுலபமா முறியுற வியாதி. ஆம்பளைக்கு எப்படிங்கன்னு அக்கா கேக்குறா, அது பொம்பளைங்க வியாதின்னே அவ மனசுல பதிஞ்சிருக்கு.

டாக்டர் எவ்வளவு குடிப்பீங்கன்னு கேட்டதுக்கு அத்தான் "பீர்தான் டாக்டர், டெய்லி ரெண்டு, ஹார்ட் லிக்கர் தொடுறதில்ல"ன்னாரு. காப்பிக்கடையில ரெண்டுன்னா 633 மில்லி பெரிய பாட்டில் ரெண்டு! 5 சதவீத பீர்ல ஒரு பாட்டிலுக்கு கிட்டத்தட்ட 25 கிராம் ஆல்கஹால். எலும்பு முறியுற வாய்ப்ப கணிக்கிற ஃப்ராக்ஸ்ல ஒரு யூனிட்டுங்கிறது 8ல இருந்து 10 கிராம், ஒரு நாளைக்கு 3 யூனிட்டோ அதுக்கு மேலயோ போனாலே ரிஸ்க்னு டிக் பண்ணணும். இவர் 5, 6 யூனிட். அதுல இன்னொரு சிக்கல், ஃப்ராக்ஸ்ல ஆமா இல்லன்னு மட்டும்தான் பதில், 3 குடிக்கிறவரும் 6 குடிக்கிறவரும் ஒரே டிக்தான், ஆனா குடி கூடக்கூட ரிஸ்க்கும் கூடும். அதனால இவருக்கு வர்ற நம்பர் உண்மைய விட கம்மியாத்தான் இருக்கும்.

மார்ச் 23, சனி

"பீர் வயித்துக்குள்ள போகுது, எலும்புக்கு என்ன ஆகுது?"ன்னு அத்தான் கேட்டாரு. எலும்புல பழசை உடைச்செடுக்கிற செல்லும் புதுசா கட்டுற செல்லும் எப்பவும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். ஆல்கஹால் முக்கியமா கட்டுறதத்தான் அடக்கும். எச்டிபி அடுக்குமாடி வீட்ட அப்கிரேடிங் பண்றப்ப உடைக்கிறவங்க தினம் வந்து, கட்டுறவங்க லீவு போட்டா எப்படி இருக்கும், அந்த கதை. கூடவே ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையலாம், கல்லீரல் கெட்டா வைட்டமின் டி வேலையும் கெடும். அதனாலதான் டாக்டர் அதெல்லாம் ரத்தத்துல பாக்க சொன்னாரு. அவருக்கு வைட்டமின் டி கம்மி. மொதல்ல அத ஏத்தணும், அப்புறம்தான் எலும்புக்கு மருந்து. வாரம் ஒரு மாத்திரை கொடுக்கலாம், ஆனா அது வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட போட்டு அரை மணி நேரம் படுக்காம இருக்கணும், இவருக்கோ குடியால ஏற்கனவே நெஞ்செரிச்சல், உணவுக்குழாய் புண்ணாயிடும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவ நரம்புல டிரிப்ஸா ஏத்துற மருந்துதானாம்.

குடிய மட்டும் திடீர்னு நிறுத்தாதீங்க, கை நடுங்கி வலிப்புகூட வரலாம், நாங்க பாத்து படிப்படியா குறைக்கிறோம்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. நிறுத்துனா கட்டுற செல் சில வாரத்துலயே மறுபடி வேலைக்கு வர ஆரம்பிக்கும், ரத்தத்துலயே தெரியும். அடர்த்தி முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது, நசுங்குன எல்1 நிமிராது.

ஏப்ரல் 7, ஞாயிறு

இப்ப அக்கா கதை. 60 வயசு, 47 கிலோ. ஆசியப் பெண்களுக்கு வயசுல இருந்து எடைய கழிக்கிற ஒரு சின்ன கணக்கு இருக்கு, மெனோபாஸுக்கு அப்புறம் பாக்குறது. இவளுக்கு 13, நடுத்தர ரிஸ்க் (20க்கு மேல போனாத்தான் அதிகம்). ஆனா அந்த கணக்குல குடி பத்தி ஒரு வார்த்தையும் கிடையாது. இவ ராத்திரி "ரெண்டே கிளாஸ்" ஒயின். கிச்சன்ல அந்த கிளாஸ்ல தண்ணி ஊத்தி மெஷரிங் கப்ல அளந்தேன், 200 மில்லி! ரெண்டுக்கு கிட்டத்தட்ட 40 கிராம், அத்தானோட ஒன்றரை பாட்டில் பீருக்கு மேல. ஒல்லி உடம்புல தண்ணி கம்மி, ரத்தத்துல அளவு இன்னும் ஏறும், ஈஸ்ட்ரோஜன் போனதால எலும்பு வேற ஏற்கனவே கரையுது.

"ஒயின் எலும்புக்கு நல்லதுன்னு படிச்சேனே"ன்னா. கொஞ்சமா குடிக்கிற பெண்களுக்கு அடர்த்தி சற்று கூட இருந்ததா சில ஆய்வுல பாத்தது உண்மைதான், ஆனா அவங்க சாப்பாடு நடை எல்லாமே வேறயா இருந்திருக்கலாம், குடியாலதான்னு நிரூபணம் இல்ல, அதோட 40 கிராம் அந்த 'கொஞ்சம்' பட்டியல்லயே வராதுன்னேன். மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டா. ஸ்கேனுக்கு மட்டும் சரின்னுட்டா, அடுத்த வாரம்.