இறங்கும் கடிகாரத்தை எங்கே நிறுத்துவது?

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் டச்சு ஏலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, வாய்மொழித் தேர்வும் கொடுக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் பூச்சந்தை இந்த முறைக்குப் பேர்போன இடம். நம் ஊரில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று விலை ஏறும். அங்கே கடிகாரம் உயர்ந்த விலையில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்த விலைக்கே பூ.

பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரைதான் எனக்குத் தொடக்கம். ஏலம் கேட்பவர்கள் இடரைப் பற்றிக் கவலைப்படாமல் சராசரி லாபத்தை மட்டும் பார்ப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் மனதிலும் உள்ள மதிப்பு மற்றவருடையதோடு தொடர்பில்லாதது, ஆனால் எல்லாம் ஒரே பரவலிலிருந்து வருவது. அப்படியானால் இறங்குவிலை, ஏறுவிலை, மூடிய உறை என்று எப்படி ஏலம் விட்டாலும் விற்பவருக்குச் சராசரியாக ஒரே வருவாய்தான்.

நான் மாட்டிக்கொண்டது முதல் படியிலேயே. டச்சு ஏலமும், அதிகம் எழுதியவர் தான் எழுதிய தொகையையே கட்டும் மூடிய உறை ஏலமும் ஒன்றுதான் என்கிறார்கள். எப்படி? உறையில் எழுதும்போது எனக்கு எதுவும் தெரியாது. கடிகாரம் இறங்கும்போதோ, இன்னும் யாரும் அழுத்தவில்லை என்பது தெரிகிறதே! அந்தச் செய்தியால் என் முடிவு மாறாதா? இரண்டு வாரம் இதிலேயே போனது.

கடைசியில் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்த்துத்தான் தெளிந்தேன். இருவர் மட்டும். மதிப்பு 0 முதல் 100 வரை எதுவும் சம வாய்ப்புடன் வரலாம். என் மதிப்பு 60. எதிராளி தன் மதிப்பில் பாதியில் அழுத்துவார் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரம் 40இல் நிற்கிறது. இப்போதே அழுத்தினால் லாபம் 20. 30 வரை காத்திருந்தால் லாபம் 30. அதுவரை எதிராளி அழுத்தாமல் இருக்கும் வாய்ப்பு 30/40. பெருக்கினால் 22.5. ஆகவே காத்திருக்க வேண்டும். 30 வந்துவிட்டது. இப்போது அழுத்தினால் 30 உறுதி. 20 வரை காத்திருந்தால் 40 × 20/30, கிட்டத்தட்ட 26.7. ஆகவே அழுத்திவிட வேண்டும்.

40க்குப் பதில் 45இலிருந்து தொடங்கினாலும் விடை 30தான். கடிகாரம் தரும் செய்தி எல்லா வாய்ப்புகளையும் ஒரே எண்ணால் வகுக்கிறது. எது சிறந்தது என்ற வரிசை மாறுவதில்லை. நான் எதிர்பார்த்த புதுச் செய்தி உண்மையில் வருவது யாராவது அழுத்தும்போதுதான். அப்போது ஏலமே முடிந்துபோயிருக்கும்.

அப்புறம் வருவாய்க் கணக்கு எளிதாகிவிட்டது. மதிப்பு 60 உள்ளவர் டச்சு ஏலத்தில் ஜெயித்தால் 30 கட்டுகிறார். ஜெயித்தவர் இரண்டாவது உயர்ந்த தொகையைக் கட்டும் ஏலத்தில் எல்லோரும் தம் உண்மையான மதிப்பையே எழுதுவார்கள். அங்கே அவர் ஜெயித்தால் கட்டுவது எதிராளியின் மதிப்பு, அது 0 முதல் 60க்குள் எங்கோ இருக்கிறது. சராசரி அதே 30. எந்த மதிப்பை எடுத்தாலும் இப்படியே பொருந்தும். ஒரு தனி ஏலத்தில் தொகை வேறுபடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்புகள் 80, 70 என்றால் டச்சு ஏலத்தில் 40, மற்றதில் 70. 90, 10 என்றால் 45, 10. சமமாவது சராசரி மட்டுமே.

எக்செலில் பத்தாயிரம் வரிசை போட்டுச் சரிபார்த்தேன். `=RAND()*100` இரண்டு பத்திகளில், பிறகு `=MAX(A2:B2)/2`, `=MIN(A2:B2)`. இரண்டின் சராசரியும் 33ஐ ஒட்டியே வந்தது. ஐந்து பேராக்கி, MINக்குப் பதில் `=LARGE(A2:E2,2)` என்று இரண்டாவது பெரிய மதிப்பை எடுத்ததும் எல்லாம் உடைந்தது: டச்சு 42 பக்கம், மற்றது 67 பக்கம். கோட்பாடே தவறோ என்று ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். தவறு என்னுடையது. `/2` என்பதை மாற்றவே இல்லை. ஐவர் போட்டியிட்டால் மதிப்பில் பாதிக்கு அல்ல, 4/5இலேயே அழுத்த வேண்டும். `=MAX(A2:E2)*4/5` என்று திருத்தியதும் இரண்டும் 67க்கு அருகில் வந்து நின்றன.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி: "கேட்பவர்கள் இடருக்குப் பயந்தவர்களாக இருந்தால்?" பொருளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் முன்கூட்டியே அழுத்துவார்கள். லாபம் தரும் மனநிறைவை, அதாவது பயன்பாட்டை, லாபத்தின் வர்க்கமூலம் என்று எடுத்தால், இருவர் ஏலத்தில் பாதிக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கில் அழுத்துகிறார்கள். டச்சு வருவாய் 33இலிருந்து 44க்கு ஏறுகிறது. இரண்டாம் விலை ஏலம் 33இலேயே நிற்கிறது, ஏனென்றால் அங்கே பயந்தவரும் தன் உண்மையான மதிப்பைத்தான் எழுதுவார்.

"அப்படியென்றால் ஆல்ஸ்மேருக்கு உங்கள் சமன்மை பொருந்துமா?" என்பது அடுத்த கேள்வி. அப்படியே பொருந்தாது என்றேன். என் கணக்கில் இருப்பது ஒரே ஒரு பொருள். அங்கே அழுத்தியவர் தனக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பூவுக்காகக் கடிகாரம் மறுபடி ஓடும். இப்போது விட்டாலும் அடுத்த ஓட்டத்தில் கிடைக்கலாம் என்ற நினைப்பு, அழுத்தும் நேரத்தையே மாற்றிவிடும்.