384 வீடுகள் போதாது: கொழும்பில் கதவு தட்டப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

என் ஆய்வு முன்மொழிவில் மாதிரிப் பருமன் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 384 வீடுகள். ஆய்வுப் பகுதி கொழும்பு வடக்கு: மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை. தண்ணீர் சேமிக்கும் பீப்பாயோ டாங்கியோ மூடாமல் கிடக்கும் வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. டெங்கு நுளம்பு முட்டையிடும் இடங்களில் அதுவும் ஒன்று.

முன்மொழிவைப் பார்த்த மிஸ் கேட்டார்: "384 எப்படி வந்தது? அடுத்த பக்கத்தில் வீடுகளைக் கொத்துக் கொத்தாக எடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அப்படியென்றால் இந்த எண் பொருந்துமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த சில வாரங்கள் அந்த ஒரு வரியைத் திருத்துவதில்தான் போயின. இதே கட்டத்தில் நிற்பவர்களுக்கு அது உதவும் என்று எழுதுகிறேன்.

அடிப்படைச் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

```
n = Z² × p × (1 − p) / d²
```

Z என்பது 95% நம்பிக்கை மட்டத்துக்கு 1.96. p நாம் எதிர்பார்க்கும் விகிதம், d நாம் பொறுத்துக்கொள்ளும் வழு. p = 0.5, d = 0.05 என்று போட்டால் 384.16 வரும். மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்பதால் உண்மையில் அது 385. p-க்கு 0.5 போடும்போதுதான் n ஆகப் பெரிதாக வரும். அதனால்தான் ஒன்றும் தெரியாதபோது 0.5 எடுக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. முன்னோட்டமாக 40 வீடுகளுக்குப் போனதில் 9 வீடுகளில் மூடாத பாத்திரம் இருந்தது, அதாவது 22.5%. அதை அப்படியே p ஆகப் போடத்தான் முதலில் கை போனது. ஆனால் 40 வீட்டில் கிடைத்த விகிதத்துக்கே நம்பிக்கை ஆயிடை ஏறத்தாழ 10% முதல் 35% வரை விரிகிறது. உண்மை அதற்குள் எங்கேயும் இருக்கலாம். ஆகவே அந்த ஆயிடையில் 50%-க்குக் கிட்டிய முனையை எடுத்தேன். p = 0.35 என்றால் 349.6, அதாவது 350 வீடுகள்.

d பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடந்த வருடத்தில் வீட்டில் யாருக்காவது டெங்கு வந்ததா என்ற இரண்டாவது கேள்வியும் வினாக்கொத்தில் இருந்தது. அதற்கு 4% அளவில் வரும் என்று எண்ணி, அதே d = 0.05 போட்டேன். 60 வீடு போதும் என்று விடை வந்தது. நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் 4% கூட்டல் கழித்தல் 5% என்றால் கீழ் முனை பூச்சியத்துக்கும் கீழே போகிறது. அந்த விடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விகிதம் சிறியதாக இருக்கும்போது d அதைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும். 0.02 போட்டால் 369 வீடுகள் வரும். ஆய்வின் முதன்மைக் கேள்வி எது என்று முடிவெடுத்து, அதற்குத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். நான் பாத்திரக் கேள்வியை முதன்மையாக வைத்துக்கொண்டேன்.

இனி மிஸ் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மேலுள்ள சூத்திரம், பகுதி முழுவதிலும் உள்ள வீடுகளைப் பட்டியலிட்டு, எழுமாறாகப் பொறுக்கி எடுக்கும் மாதிரிக்கானது. வீடு வீடாகப் போகிறவர்கள் அப்படிச் செய்வது அரிது. சில ஒழுங்கைகளையோ தோட்டங்களையோ தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் சில வீடுகளைப் பார்ப்போம். ஒரே தோட்டத்தில் எல்லோரும் ஒரே பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு வீட்டில் பீப்பாய் இருந்தால் பக்கத்து வீட்டிலும் இருக்கும். பத்தாவது வீடு புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். இந்த ஒற்றுமையை ρ என்று குறிப்பார்கள். ஒரு கொத்தில் m வீடுகள் எடுத்தால், எழுமாறு மாதிரியைப் போல எத்தனை மடங்கு வீடுகள் தேவை என்று சொல்லும் வடிவமைப்பு விளைவு இப்படி:

```
deff = 1 + (m − 1) × ρ
```

ρ = 0.05 என்று வைத்துப் பார்த்தேன். கொத்துக்கு 20 வீடு என்றால் deff 1.95. அதை 350 ஆல் பெருக்கினால் 683 வீடுகள், 35 கொத்துகள். கொத்துக்கு 10 வீடு என்றால் deff 1.45, மொத்தம் 508 வீடுகள், 51 கொத்துகள். ஒரே துல்லியத்துக்கு 175 வீடுகள் குறைகின்றன. ஆனால் 16 இடங்களுக்குக் கூடுதலாகப் போக வேண்டும். எனக்கு ஒரு நாளில் இரண்டு இடங்களுக்குப் போக முடிந்தது, தூரமும் அதிகமில்லை. அதனால் 10 வீட்டுத் திட்டத்தை எடுத்தேன். தூர மாவட்டமாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

30 கொத்து, கொத்துக்கு 7 பேர் என்ற பழைய தடுப்பூசிக் கணக்கெடுப்பு முறையைப் பலர் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அது 10% வழுவுக்கும் deff 2 என்ற ஊகத்துக்கும் போட்ட கணக்கு: 96 × 2 = 192, கிட்டத்தட்ட 210. உங்களுக்கு 5% வழு வேண்டுமென்றால் அந்த 210 உதவாது.

அப்புறம் பூட்டிய வீடுகள். கொழும்பில் வார நாளில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போயிருப்பார்கள், தொடர்மாடி வாசலில் காவலாளி மறிப்பார். ஐந்தில் ஒரு வீடு கிடைக்காது என்று எதிர்பார்த்தேன். இங்கே 508-ஐ 1.2 ஆல் பெருக்குவது வழக்கமான பிழை. 610 வரும், அதில் 80% கிடைத்தால் 488 தான். 0.8 ஆல் வகுக்க வேண்டும், அப்போது 635. கொத்துக்கு 10 முடிக்க வேண்டும் என்றால் 12.5, ஆகவே ஒவ்வொரு கொத்திலும் 13 வீடுகளைப் பட்டியலில் வைத்தேன். மொத்தம் 663 கதவுகள்.

பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைத் தட்டினால் எண்ணிக்கை நிறையும், ஆனால் விடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பகலில் ஆள் இருக்கும் வீடுகளே மாதிரியில் கூடிப்போகும். அந்த வீடுகளில் பீப்பாயைக் கழுவி மூட நேரம் இருக்கலாம். அதனால் மாற்று வீடு எடுக்கவில்லை. மாலையில் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை திரும்பிப் போனேன். அப்படியும் கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே பதிந்தேன்.

கடைசியில் 498 வீடுகள் முடிந்தன. மூடாத பாத்திரம் 28%. எழுமாறு மாதிரி போலக் கணக்கிட்டால் வழு 3.9%. கொத்துகளைக் கணக்கில் எடுத்தபோது deff 1.8 ஆக வந்தது, வழு 5.3%. அதாவது ρ நான் ஊகித்த 0.05 அல்ல, ஏறத்தாழ 0.09. பொதுக் குழாய் உள்ள தோட்டங்கள் நான் நினைத்ததைவிட ஒன்றுபோல இருந்தன. திட்டமிட்ட 5%-ஐக் கொஞ்சம் தாண்டிவிட்டது. அதை ஆய்வறிக்கையில் அப்படியே எழுதினேன். விகிதத்துக்குப் பக்கத்தில் deff-ஐயும் ρ-வையும் அட்டவணையில் சேர்த்தேன். இதே பகுதியில் அடுத்து இறங்குபவர் 0.05 என்று ஊகிக்காமல் 0.09 வைத்துத் தொடங்கலாம். கொத்துக்கு 10 வீடு என்றால் அவருக்கு deff 1.81, 350 வீட்டுக்குப் பதிலாக 634 வீடுகளை முடிக்க வேண்டியிருக்கும்.